லோகோ அச்சில், சுவரில், சட்டையில் கெட்டுப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பில் புத்தகத்தில் எழுத்துக்குள் மை அடைத்துக்கொண்டது. சட்டைப் பையில் தைத்தது கட்டியாகிவிட்டது. ஷட்டரில் எழுதியது அகலத்தில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இப்படி ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாரம் ஒருவராவது என் டிசைன் மேசைக்கு வருகிறார். வேலை செய்தவரைக் குறை சொல்லிக்கொண்டே வருவார்கள். ஃபைலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பிழை அதற்குள்தான் இருக்கும்.

ஒரே வேலையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. லோகோவில் பழுப்பு நிறச் செக்கு, மேலே பொன்னிறச் சொட்டு, செக்கை ஒட்டி ஒரு பச்சை இலைக்கொத்து, கீழே சிவப்பில் கடைப் பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘மரச்செக்கு எண்ணெய்’. உரிமையாளருக்கு ஷட்டரில், சட்டைப் பையில், துணிப்பையில், பில் புத்தகத்தில் என்று நாலு இடத்தில் அது வேண்டும். நாலிலும் ஒற்றை வண்ணம்தான். கையில் இருந்ததோ வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்.

மென்பொருளில் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பையும், நம் ஊர் அச்சகங்களில் அதிகம் புழங்கும் கோரல் டிராவையும் வைத்துச் சொல்கிறேன்.

## அறிகுறி 1: பெரிதாக்கினால் ஓரம் படிப்படியாக உடைகிறது

முதலில் பார்க்க வேண்டியது. ஃபைலின் பெயரில் `.cdr` அல்லது `.pdf` என்று முடிவதால் மட்டும் அது வெக்டர், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவம், ஆகிவிடாது. ஜேபெக் படத்தைக் கோரலுக்குள் இழுத்துப் போட்டு அப்படியே சேமித்துக் கொடுத்த ஃபைல்கள்தான் எனக்குப் பாதிக்குப் பாதி வருகின்றன. கோரலில் `View > Wireframe`, இங்க்ஸ்கேப்பில் `View > Display Mode > Outline` போட்டுப் பாருங்கள். எழுத்துகளின் விளிம்புக் கோடு தெரிந்தால் வெக்டர். வெறும் செவ்வகமாகவோ, கோடே இல்லாத படமாகவோ தெரிந்தால் உள்ளே இருப்பது படம். பொருளைச் சொடுக்கினால் கீழ்ப்பட்டையிலும் `Bitmap` அல்லது `Image` என்று காட்டும்.

எண்ணெய்க் கடை லோகோ 900 புள்ளி அகலம் இருந்தது. அதை 10 அடி ஷட்டருக்கு இழுத்தால் 120 அங்குலத்துக்கு 900 புள்ளி, அதாவது அங்குலத்துக்கு ஏழரை. ஒரு புள்ளியே 3.4 மில்லிமீட்டர் சதுரமாகிவிடும். இதைத் தெளிவாக்கும் பொத்தான் எந்த மென்பொருளிலும் கிடையாது.

செலவில்லாத காரணம்: தவறான ஃபைல் வந்திருக்கிறது. லோகோவை முதலில் வரைந்தவரிடம் அசல் இருக்கலாம். பழைய விசிட்டிங் கார்டு அடித்த அச்சகத்தில் கேளுங்கள், பழைய மின்னஞ்சலில் தேடுங்கள். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமெண்டைத் தொடாது. இந்த ஒரு ஃபோனில் தீர்ந்துபோன வேலைகள் நிறைய.

அடுத்தது: அசல் கிடைக்கவில்லை என்றால் ட்ரேஸ் செய்தே தீர வேண்டும், அதாவது படத்தின் ஓரத்தை மென்பொருளே கோடாக வரைய வேண்டும். இங்க்ஸ்கேப்பில் `Path > Trace Bitmap`. படம் பெரியதாகவும் ஓரம் சுத்தமாகவும் வண்ணம் தட்டையாகவும் இருந்தால் இதில் நல்ல முடிவு கிடைக்கும். மங்கிய வாட்ஸ்அப் படம் என்றால் வட்டம் உருளைக்கிழங்காக வரும், நேர்கோடு நெளியும், கூர்முனை மழுங்கும். முடிவு சரியா என்று கண்ணை மட்டும் நம்பாமல் நோட் எண்ணிக்கையை, அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு சொட்டு வடிவத்துக்கு நாலைந்து நோட் போதும். ட்ரேஸில் அது 60, 70 என்று வந்தால் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரின் கத்தி ஒவ்வொரு நோட்டிலும் தயங்கித் தயங்கிப் போகும், ஓரம் பிசிறடிக்கும். `Path > Simplify` நோட்டைக் குறைக்கும், ஆனால் கூடவே வடிவத்தையும் கரைத்துவிடும். நான் ஒரு தடவைக்கு மேல் அதை அழுத்துவதில்லை.

கையால் மறுபடி வரைவது. படத்தை அடியில் மங்கலாக வைத்துப் பூட்டிவிட்டு, மேலே பேனாக் கருவியால் வரைவது. செக்கு, சொட்டு, இலை மூன்றுக்கும் சேர்த்து எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்தை மட்டும் வரையவே வரையாதீர்கள். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துத் திரும்பத் தட்டச்சு செய்யுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகளை ட்ரேஸில் விட்டால் ‘ண’வின் மூன்று சுழியும் ஒவ்வோர் அளவில் நிற்கும்.

எப்போது வேறொருவரிடம் கொடுக்கலாம்? சாமி உருவம், முகம், பழைய பள்ளி முத்திரை போன்ற நுணுக்கமான வேலை என்றாலோ, அந்த எழுத்து யாரோ கையால் எழுதியது என்றாலோ, நல்ல ஓவியர் ஒருவர் திரும்ப வரைவதுதான் வழி. அந்தப் பணத்தை ஒரு தடவை கொடுத்தால் போதும்.

## அறிகுறி 2: அச்சகத்தில் திறந்தால் தமிழ் எழுத்து `jkpo;` என்று வருகிறது

இது நம் ஊருக்கே உரிய கோளாறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘தமிழ்’ என்பது உள்ளுக்குள் `jkpo;` என்றுதான் பதிவாகியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று அப்படியே தெரியும். யூனிகோடில் அடித்தவருக்கு வேறு தொல்லை. கோரலின் பழைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறி உட்காரும், புள்ளி தள்ளி நிற்கும். ‘செக்கு’ என்பதில் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. அனுப்புவதற்கு முன் எழுத்தைக் கர்வ் ஆக்குங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றுங்கள். கோரலில் `Ctrl+Q`, இங்க்ஸ்கேப்பில் `Path > Object to Path`. அதற்கு முன் எழுத்தாகவே உள்ள பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கர்வ் ஆனபின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. மாற்றிய பிறகு ஒவ்வொரு கொம்பையும் காலையும் புள்ளியையும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள்.

எழுத்து சரியாக இருந்தும் ஃபைலே திறக்கவில்லை என்றால் காரணம் பதிப்பு வித்தியாசமாக இருக்கலாம். புதிய கோரலில் சேமித்ததைப் பழைய கோரல் திறக்காது. எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, சேமிக்கும்போது அந்தப் பதிப்பைத் தேர்ந்து கொடுங்கள், கூடவே ஒரு `.pdf`பும் வையுங்கள்.

## அறிகுறி 3: சிறிதாக்கினால் கோடு தடித்துப்போகிறது, பெரிதாக்கினால் மெலிந்துபோகிறது

கோடு கோடாகவே இருக்கிறது, வடிவமாக மாறவில்லை. இலையின் நடு நரம்பு 1.5 மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். லோகோவைப் பத்து மடங்கு பெரிதாக்கியும் அது 1.5 மில்லிமீட்டரிலேயே நின்றால் ஷட்டரில் நூல் போலத் தெரியும்.

சில சமயம் ஒரு டிக் மட்டும்தான் விட்டுப்போயிருக்கும். கோரலில் `F12` அழுத்தினால் வரும் பெட்டியில் `Scale with object` என்று இருப்பதை டிக் செய்யுங்கள். ஆனால் அது உங்கள் கணினியில் இருக்கும்வரைதான் காப்பாற்றும். வெளியே போகும் ஃபைலில் கோட்டை வடிவமாக மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. கோரலில் `Ctrl+Shift+Q`, இங்க்ஸ்கேப்பில் `Path > Stroke to Path`.

## அறிகுறி 4: ஒரே வண்ணத்தில் போட்டால் எல்லாம் ஒன்றாக ஒட்டிக் கரும்பிண்டமாகிறது, அல்லது புள்ளி புள்ளியாக வருகிறது

எனக்கு அதிகம் வருவது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புள்ளி புள்ளியாக வந்தால்: ஃபைலில் சாம்பல் நிறமோ, ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் கிரேடியண்டோ இருக்கிறது. ஒரே மையில் அடிக்கிறவருக்கு மை உண்டு அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. சாம்பலைக் காட்ட அவர் புள்ளிகளாக உடைத்தே ஆக வேண்டும். துணிப்பையின் முரட்டு நெசவில் அந்தப் புள்ளிகள் அழுக்குப் போலத் தெரியும். பெயிண்டர், எம்பிராய்டரிக்காரர் இருவராலும் அதைச் செய்யவே முடியாது.

பிண்டமாக வந்தால்: வண்ண வேறுபாட்டால் மட்டும் பிரிந்து நின்ற இரண்டு பகுதிகள் இப்போது ஒன்றாகிவிட்டன. நம் லோகோவில் பெயரின் சிவப்பு 200, 30, 30. இலையின் பச்சை 20, 120, 40. கண்ணுக்கு எவ்வளவு தூரத்து வண்ணங்கள்! கருப்பு வெள்ளையாக்கினால் இரண்டுமே சாம்பல் அளவில் 81. ஒரே நிறம். ‘கிரேஸ்கேல் போட்டுக் கொடுங்க’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். ஒரு வண்ணப் பதிப்பு என்பது மாற்றி எடுப்பதல்ல, தனியாகக் கட்ட வேண்டியது.

எண்ணெய்க் கடை லோகோவை நான் கட்டிய விதம் இது. மூலத்தை 200 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் உயரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

முதலில் நிழல், எழுத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் கோடு, கிரேடியண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிச்சம் எல்லாம் முழுக் கருப்பு. இலை செக்கோடு ஒட்டிக் காணாமல் போனது. செக்கும் இலையும் பிரிய நடுவில் வெள்ளை இடைவெளி வேண்டும்.

எவ்வளவு இடைவெளி? இதைக் கண்ணால் முடிவு செய்யக்கூடாது, லோகோ போகப்போகும் மிகச் சிறிய இடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். பில் புத்தகத்தின் மூலையில் அது 25 மில்லிமீட்டர்தான், மூலத்தில் எட்டில் ஒரு பங்கு. சாதாரண பில் தாளில் மை கொஞ்சம் பரவும். வெள்ளை இடைவெளி 0.35 மில்லிமீட்டராவது இருந்தால்தான் திறந்து நிற்கும். எட்டால் பெருக்கினால் மூலத்தில் 2.8. நான் 3 மில்லிமீட்டர் வைத்தேன். சட்டைப் பையில் 80 மில்லிமீட்டருக்குப் போகும்போது அதே இடைவெளி 1.2 ஆகிறது. நூல் வேலைக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மூடிக்கொள்ளும் என்பதால் அதற்கும் இது போதும்.

இடைவெளியை வெள்ளைக் கோடாகப் போடாதீர்கள், உண்மையில் வெட்டி எடுங்கள். இங்க்ஸ்கேப்பில் இலையைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கு 6 மில்லிமீட்டர் கோடு கொடுங்கள். அதில் பாதிதான் வெளியே நிற்கும், அதுதான் நமக்கு வேண்டிய 3. பிறகு `Stroke to Path`, அடுத்து `Ungroup`, கடைசியில் `Union`. இப்போது இலையைவிட 3 மில்லிமீட்டர் தடித்த வடிவம் கிடைக்கும். இதைச் செக்குக்கு மேலே வைத்து இரண்டையும் தேர்ந்து `Path > Difference`. கோரலில் இலைக்கு வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டர் `Contour` போட்டு, அதைப் பிரித்து, செக்கை `Trim` செய்தால் அதே முடிவு.

கிரேடியண்ட் போனதும் செக்கின் உருட்சியும் போய்விட்டது. இடப்பக்கம் ஒரே ஒரு வெளிச்சப் பட்டையை 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வெட்டினேன், உருண்டை திரும்பி வந்தது. சொட்டிலும் அப்படியே ஒரு கீற்று. இலையில் ஆறேழு நரம்புகள் இருந்தன. நடு நரம்பை மட்டும் வைத்துக்கொண்டு அதையும் 3 மில்லிமீட்டருக்குத் தடிக்கவைத்தேன். மீதியை விட்டதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் 25 மில்லிமீட்டரில் அவை எப்படியும் தெரியாது.

‘மரச்செக்கு எண்ணெய்’ என்ற பொடி எழுத்துக்கு வேறு முடிவு. ‘ண்ணெ’ என்ற இடத்தில் அடுத்தடுத்து அத்தனை சுழிகள், மேலே ஒரு புள்ளி. மூலத்தில் எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டர், பில்லில் அது 1.1 ஆகிறது. எந்த அச்சகமும் அதைக் காப்பாற்ற முடியாது. எனவே இந்த வரியே இல்லாத சிறிய பதிப்பு ஒன்றைத் தனியாக வைத்தேன். ஒரே ஃபைலை எல்லா இடத்துக்கும் அனுப்பும் பழக்கம் இங்கேதான் உடைய வேண்டும்.

சோதனை. லேசர் பிரிண்டரில் சரியாக 25 மில்லிமீட்டர் அகலத்தில் எடுங்கள். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுங்கள். அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்கள். இரண்டாவது பிரதியில் புள்ளியும் சுழியும் திறந்திருந்தால் பில் புத்தகத்திலும் திறந்திருக்கும். இரண்டு ரூபாய்ச் செலவில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

கருப்பில் நன்றாக இருக்கிறது, கரும்பச்சைச் சட்டையில் வெள்ளையாகப் போட்டால் விசித்திரமாக இருக்கிறது என்றால்: நிறத்தை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். கருப்புச் சொட்டில் வெள்ளைக் கீற்று பளபளப்பு. வெள்ளைச் சொட்டில் கருங்கீற்று விரிசல். திருப்பிய பதிப்பில் அந்தக் கீற்றை எடுத்துவிட்டேன். செக்கின் வெளிச்சப் பட்டையை வலப்பக்கம் மாற்றி, நிழலாக வாசிக்கும்படி வைத்தேன். முகமோ விளக்குச் சுடரோ உள்ள லோகோ என்றால் திருப்பிய பதிப்பை முழுதாகத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். அதோடு கருமையின்மேல் வெள்ளை எழுத்து கண்ணுக்குக் கொஞ்சம் பருத்துத் தெரியும். பெயின்டிலும் ஸ்டிக்கரிலும் அதை ஒரு சுற்று மெலிதாக்கலாம். ஆனால் தாளில் கருமையை அச்சடித்து எழுத்தை வெள்ளையாக விடும் வேலையில் மெலிதாக்காதீர்கள். அங்கே சுற்றியுள்ள மை உள்ளே பரவி எழுத்தைத் தின்றுவிடும்.

## அறிகுறி 5: பைமேல் வெள்ளைப் பெட்டி விழுகிறது, ஸ்டிக்கர் மெஷின் எழுத்துக்குள்ளேயே வெட்டுகிறது

வெள்ளைப் பெட்டி: லோகோவில் ‘வெறுமை’ என்று நீங்கள் நினைத்த இடத்தில் வெள்ளை நிற வடிவம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஒரு மஞ்சள் செவ்வகம் வரைந்து அடியில் தள்ளிப் பாருங்கள். வெறுமையான இடமெல்லாம் மஞ்சளாகத் தெரிய வேண்டும். வெள்ளையாக நிற்பதை நீக்குங்கள், அல்லது கீழுள்ள வடிவத்திலிருந்து `Difference` செய்து துளையாக்குங்கள்.

குறுக்கு வெட்டு: கோட்டுப் பார்வையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்கள் தெரியும். தமிழ் எழுத்துருக்களில் காலும் கொம்பும் அடுத்த எழுத்தின்மேல் லேசாக ஏறுவது சாதாரணம். திரையில் ஒரே கருப்பாகத் தெரியும், கத்தி இரண்டு கோட்டிலும் ஓடும். `Union` அல்லது `Weld` செய்தால் தீரும். ஒரே இடத்தில் இரண்டு பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலும் ஒரே கோட்டை இரண்டு தடவை வெட்டும். மேலே உள்ளதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் அடியில் ஒளிந்திருப்பது தெரிந்துவிடும்.

## அறிகுறி 6: எம்பிராய்டரியில் எழுத்து கட்டியாகிறது, வட்டம் முட்டையாகிறது

தாளில் ஓடிய கோடு துணியில் ஓடாது. வழக்கமாகப் போடும் 40-ஆம் எண் நூலே ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் தடிமன். எழுத்துக்கும் பட்டைக்கும் பளபளவென்று வரும் சாட்டின் தையல் 1 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறைந்தால் நூல் குவிந்து துணியைக் கிழிக்கப் பார்க்கும். ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் நூல் தொளதொளத்து எதிலாவது மாட்டி இழுக்கும், அங்கே நிரப்புத் தையலுக்கு மாற வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். ஃபைலை உண்மையான அளவுக்குக் கொண்டுவாருங்கள், சட்டைப் பைக்கு 80 மில்லிமீட்டர். மூலத்தில் 1.5 மில்லிமீட்டராக இருந்த எழுத்தின் மெல்லிய பகுதி இப்போது 0.6. சாட்டினுக்குப் போதாது. தடிப்பு ஒரே சீராக உள்ள எழுத்துருவுக்கு மாற்றுங்கள், அல்லது எழுத்தை அகலமாக்கி இடம் விடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் தாங்கும் இடத்தில் தமிழுக்கு நான் 8 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. சுழி அதிகமுள்ள பெயருக்கு 10. எண்ணெய்க் கடைச் சட்டைக்குக் கீழ்வரியை எடுத்துவிட்டு, பெயரை மட்டும் 10 மில்லிமீட்டரில் வைத்தோம்.

அளவு சரியாக இருந்தும் கட்டியானால்: தையல் ஓடும் வழியை ஆள் உட்கார்ந்து அமைக்கும் பஞ்சிங்கை அவர்கள் செய்யாமல், ஃபைலை மென்பொருளில் போட்டுத் தானாகவே தையலாக மாற்றியிருக்கலாம். ‘`.dst` சேமித்துக் கொடுங்கள்’ என்று என்னிடம் கேட்பார்கள். `.dst` படமே அல்ல. ஊசி எங்கே குத்த வேண்டும் என்ற வரிசை அது. அதில் வடிவமும் கிடையாது, நூலின் நிறமும் கிடையாது. வேறு அளவுக்குச் செய்த `.dst`ஐச் சுருக்கினால் அதே தையல்கள் நெருங்கி உட்காரும், துணி பலகை போல விறைக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் அளவு மாறினால் புதிதாகப் பஞ்சிங் செய்யச் சொல்லுங்கள்.

வட்டம் முட்டையானால் உங்கள் ஃபைலில் கை வைக்காதீர்கள். தையல் ஓடும் திசையில் நூல் துணியை உள்ளே இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பது துணியைப் பொறுத்தது. டி-ஷர்ட்டின் பின்னல் துணி அதிகம் இழுபடும், தடித்த காட்டன் குறைவாக. அதைப் பஞ்சிங்கில் கூட்டிக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும், அடியில் பேக்கிங் தாளும் வேண்டும். வட்டத்தை நீங்களே நீட்டி அனுப்பினால் அடுத்த துணியில் அது எதிர்ப்பக்கம் நீளும்.

இங்கே தொழில்காரர் இல்லாமல் முடியாது. நீங்கள் கொடுக்க வேண்டியவை சுத்தமான ஒரு வண்ண வெக்டர், முடிந்த அகலம் மில்லிமீட்டரில், எந்தத் துணி, எந்த நூல் நிறம். பெரிய எண்ணிக்கைக்கு ஒப்புக்கொள்ளும் முன், அதே துணித்துண்டில் ஒரு மாதிரி தைத்துக் கையில் வாங்கிப் பாருங்கள். திரையில் காட்டும் தையல் படத்தை நம்பாதீர்கள்.

## அறிகுறி 7: சுவரில் லோகோ இழுத்துக்கொண்டு நிற்கிறது

பெயிண்டரின் கை மேல் சந்தேகப்படுவதற்கு முன், அவருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஏணிமேல் நின்றபடி ஃபோனில் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருந்தால் எவருக்கும் அளவு தப்பும். எனக்குப் பழக்கமான பெயிண்டர் அண்ணன் ஒருவர் ஒருமுறை சொன்னார்: “தம்பி, கலர் படம் எனக்கு எதுக்கு? கட்டம் போட்டு ஓரக்கோடு குடு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

அன்றிலிருந்து சுவர் வேலைக்கென்று ஒரு தாள் செய்கிறேன். லோகோவின் விளிம்புக் கோடு மட்டும், நிரப்பு இல்லாமல். அதன்மேல் 10 மில்லிமீட்டர் கட்டங்கள். 200க்கு 90 என்ற மூலத்தில் குறுக்கே 20 கட்டம், மேலே 9 கட்டம். சுவரில் லோகோவை 80 அங்குலம் அகலத்துக்கு ஒத்துக்கொண்டோம், ஏனென்றால் அப்போது ஒரு கட்டம் சரியாக 4 அங்குலம், மொத்த உயரம் 36 அங்குலம், அதாவது 3 அடி. சுண்ணாம்பு நூல் தட்டிக் கட்டம் போட அவருக்கு எந்தப் பின்னக் கணக்கும் வராது. அளவைப் பேசும்போதே இப்படிக் கட்டம் முழு அங்குலத்தில் விழும் எண்ணாகப் பார்த்துப் பேசுங்கள்.

பெயரை மட்டும் அச்சு அசலாக எடுக்க வேண்டுமென்றால் முழு அளவுத் தாள் கொடுக்கலாம். அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் `Poster` தேர்ந்து, அளவைச் சதவீதத்தில் கொடுத்தால் ஏ4 தாள்களாகப் பிரித்து எடுத்துவிடும். ஒட்டிச் சேர்த்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, சுவரில் வைத்துப் பொடி தட்டினால் கோடு புள்ளிகளாக இறங்கும். வெளிர் சுவருக்குக் கரிப்பொடி, கருஞ்சுவருக்குச் சாக்பொடி. நிறைய தாள் ஒட்ட வேண்டியிருந்தால் ஃபிளெக்ஸ் கடையில் ஓரக்கோட்டை ஒரே நீளத் தாளில் எடுத்துவிடுவது நேரத்துக்கு நல்லது.

கட்டம் கொடுத்தும் எழுத்து தூரத்தில் வாசிக்க முடியவில்லை என்றால் காரணம் அளவு. 10 அடி தூரத்துக்கு எழுத்து 1 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்ச் சாரி 40 அடியில் இருந்தால் 4 அங்குலம். ஷட்டரின் மடிப்புகள் மெல்லிய கோடுகளை உடைத்துவிடும் என்பதால், அங்கே ஒரு மடிப்பு உயரத்தைவிட மெலிந்த பகுதி எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. இதில் பெயிண்டர் சொல்வதைக் கேளுங்கள். இடத்தைப் பார்த்து இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது அவருடைய கண்.

## அறிகுறி 8: ஒரு வண்ண வேலைக்கு அச்சகம் நாலு பிளேட் கணக்குச் சொல்கிறது

அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட். திரையில் கருப்பாகத் தெரிவது ஃபைலுக்குள் நாலு மையின் கலவையாக இருக்கிறது. இங்க்ஸ்கேப்பிலிருந்து வழக்கமாக எடுக்கும் `.pdf`இல் கருப்பு சிவப்பு, பச்சை, நீலக் கணக்கில்தான் பதிவாகும். அச்சகத்தில் அது நாலு மைக்கும் பிரிந்துவிடும். கோரலில் திறந்து எல்லா வடிவத்தையும் தேர்ந்து, நிரப்பை `C 0 M 0 Y 0 K 100` என்று கொடுத்துத் திரும்ப எடுத்தால் போதும். கடைக்குப் பச்சை மையில் பில் வேண்டுமென்றாலும் ஃபைல் இதே கருப்புதான். பச்சை என்பது மெஷினில் ஊற்றும் மை, ஃபைலில் இருக்க வேண்டியதில்லை. எந்தப் பச்சை என்று காட்ட ஒரு பழைய பில்லோ நிறத் துண்டோ கொடுத்தனுப்புங்கள்.

கட்டளை வரி பழக்கம் உள்ளவர்கள் அனுப்பும் முன் இந்த மூன்றையும் ஓட்டிப் பார்க்கலாம். முதல் இரண்டும் பாப்ளர் தொகுப்பில் வருபவை, மூன்றாவது கோஸ்ட்ஸ்கிரிப்ட். விண்டோஸில் `gs` என்பதற்குப் பதில் `gswin64c`.

```
pdffonts logo_k.pdf
pdfimages -list logo_k.pdf
gs -o - -sDEVICE=inkcov logo_k.pdf
```

முதலாவது எந்த எழுத்துருவையும் காட்டக்கூடாது, காட்டினால் கர்வ் ஆகாத எழுத்து மிச்சமிருக்கிறது. இரண்டாவது எந்தப் படத்தையும் காட்டக்கூடாது. மூன்றாவது நாலு மைகளின் பரப்பையும் வரிசையாகச் சொல்லும். முதல் மூன்று எண்களும் `0.00000` என்று இருந்து, நாலாவதில் மட்டும் மதிப்பு இருந்தால் ஒரே பிளேட்.

எண்கள் சரியாக இருந்தும் அச்சகத்தில் நாலு என்றே காட்டினால், அவர்கள் திறக்கும்போது வேறு வண்ண அமைப்புக்கு மாறுகிறது. அந்த இடத்தில் நீங்கள் ஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிளேட் போடுபவரிடம் ‘இது ஒரு வண்ணம், கருப்பு பிளேட் மட்டும்’ என்று எழுதிக் கொடுத்து, அவருடைய திரையில் பிரிப்பைக் காட்டச் சொல்லுங்கள். பிளேட்டுக்குப் போகும் முன் 25 மில்லிமீட்டரில் ஒரு தாள் எடுத்துத் தரச் சொல்லி, உங்கள் இரண்டாவது ஜெராக்ஸ் பிரதியோடு பக்கத்தில் வைத்து, பெயரின் சுழிகளையும் புள்ளியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.